துளையில் விரிசல், இணைப்பில் வெண்மை: பெர்ஸ்பெக்ஸ் காட்சிப் பெட்டியில் வரும் கோளாறுகள்

டர்பனில் தைப்பூசத்துக்கு முந்தைய மாதம்தான் இந்த வேலை குவியும். கோயில் மண்டபத்தில் வைக்கும் வெள்ளி வேலுக்கு ஒரு பெட்டி, வீட்டில் தாத்தா காலத்துச் சிறு காவடிக்கு ஒரு பெட்டி என்று சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கமிருந்து கேட்டு வருவார்கள். சிலர் தாங்களே செய்து பார்த்து, பாதியில் விரிசல் விட்ட பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். கொண்டு வரும் பெட்டிகளில் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் பெட்டிக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், ஷீட்டை வீசிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டிய காரணம் கடைசியில்.

## எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் பெட்டி

வெளி அளவு நீளம் 400, அகலம் 250, உயரம் 300 மில்லிமீட்டர். 5 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக், அதாவது அச்சில் வார்த்த பெர்ஸ்பெக்ஸ். அடியில் மரப்பீடம், மேலே ஐந்து துண்டுகள். முன்னும் பின்னும் 400-க்கு 295. இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவே நுழையும். கூரை 400-க்கு 250, நான்கு சுவர்களின் மேலேயும் உட்காரும். பீடத்தில் பிடிக்க முன்னும் பின்னும் கீழ்ப்பகுதியில் இரண்டிரண்டு திருகு, ஆக நான்கு துளை.

பக்கத் துண்டின் அகலம் 240 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். காஸ்ட் ஷீட் 5 என்று விற்றாலும் உண்மைத் தடிமன் அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். காலிப்பரால் நான்கு இடத்தில் அளந்து, 250-இலிருந்து இரண்டு தடிமனைக் கழியுங்கள். ஷீட் 4.7 என்றால் பக்கத் துண்டு 240.6. சுவரின் உயரத்துக்கும் இதே கணக்குதான்: 300-இலிருந்து 4.7 போனால் 295.3. இந்த 0.6-ஐ விட்டால் கூரை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் அதை இணைப்புக் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## அறிகுறி: வெட்டிய விளிம்பு உருகி, கசடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

ரம்பத்தை மெதுவாகத் தள்ளினீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும், வெட்டின வழியே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஜிக்சா என்றால் உலோகத்துக்கான சின்னப் பல் பிளேடை மாற்றி, பிளாஸ்டிக்குக்கான பெரிய பல் பிளேடைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பெட்டிக்கு நேர் விளிம்பு வேண்டும் என்பதால் என் தேர்வு மேசை ரம்பம்தான். கார்பைடு முனை வைத்த, கூர்மையான பிளேடாக இருந்தால் அதிலிருந்து வரும் விளிம்பை ஒரு முறை சுரண்டியதும் ஒட்டலாம்.

கத்தியால் கீறி உடைக்கும் முறை 3 மி.மீ. வரை நன்றாக வரும். 5-இல் உடைவு சாய்ந்து போகும், அந்த விளிம்பை அப்படியே ஒட்ட முடியாது.

## அறிகுறி: பிட் மறுபக்கம் வரும்போது சில்லு பெயர்கிறது, நட்சத்திரமாக விரிகிறது

மிக அதிகமாகப் பார்ப்பது இதுதான். ஐந்து துண்டையும் அழகாக வெட்டி வைத்துவிட்டு, நான்காவது துளையில் உடைத்துக்கொள்வார்கள்.

அடியில் என்ன இருந்தது? ஷீட்டுக்குக் கீழே ஒட்டிய நிலையில் பலகை இல்லாவிட்டால் பிட் வெளியே வரும் நொடியில் கடைசி அரை மில்லிமீட்டர் தாங்க ஆள் இல்லாமல் பிய்ந்துகொண்டு போகும். தேவையில்லாத மரப்பலகை ஒன்றை அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து கிளாம்பால் இறுக்குங்கள். பலகையில் பழைய துளை இருக்கும் இடம் வேண்டாம். ஒவ்வொரு துளைக்கும் பலகையின் புது இடத்தை நகர்த்திக்கொள்ளுங்கள்.

டிரில்லின் வளையம் சுத்தியல் குறியில் நிற்கிறதா? சிரிக்காதீர்கள். சுவரில் துளைபோட்ட டிரில்லை அப்படியே எடுத்து வருகிறவர்கள் உண்டு. அந்த வளையத்தைச் சாதாரணத் துளைக்குத் திருப்புங்கள். அதேபோல் இடத்தைக் குறிக்க ஆணியையும் சுத்தியலையும் எடுக்கக் கூடாது. அந்த ஒரு தட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே இறங்கிவிடும். பாதுகாப்புத் தாளின் மேல் பேனாவால் குறித்து, டிரில்லைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு மெல்ல அழுத்தினால் சிறு குழி விழும். அதில் பிட் வழுக்காமல் நிற்கும்.

பிட் எப்படிக் கடிக்கிறது? மேலே சொன்ன இரண்டும் சரி என்றால் குற்றவாளி பிட்டின் முனைதான். கடையில் கிடைக்கும் சாதாரண உலோக பிட்டின் வெட்டு விளிம்பு கொக்கி போல உள்ளே வளைந்திருக்கும். அது இரும்பை அள்ளுவதற்கு. அக்ரிலிக்கில் அந்தக் கொக்கி ஷீட்டைத் திருகுபோல மேலே இழுக்கும், மறுபக்கம் வரும்போது சில்லு தெறிக்கும். பிளாஸ்டிக்குக்கென்று 60 முதல் 90 பாகை முனையோடு வரும் பிட் வாங்கினால் பிரச்சினை முடிந்தது. வாங்க மனமில்லை என்றால், பழைய 6 மி.மீ. பிட் ஒன்றின் இரண்டு வெட்டு விளிம்பையும் மெல்லிய சாணைக்கல்லில், கல்லை பிட்டின் அச்சுக்கு இணையாகப் பிடித்து, சில தடவை தேயுங்கள். விளிம்பில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டையான கோடு பளபளவென்று தெரிந்தால் போதும். இனி அது கடிக்காது, சுரண்டும். இந்த பிட்டை அக்ரிலிக்குக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலில் சின்னத் துளை போட்டு, பிறகு பெரிதாக்கினீர்களா? மரத்தில் பழகிய கை இதைத்தான் செய்யும். அக்ரிலிக்கில் 3 மி.மீ. துளையைச் சாதாரண 6 மி.மீ. பிட்டால் பெரிதாக்கினால் விளிம்பு இரண்டும் ஒரே நேரத்தில் துளையின் ஓரத்தைக் கவ்வும், ஷீட் சடாரென்று ஏறும். ஒன்று, சரியான பிட்டால் ஒரே தடவையில் போடுங்கள். இல்லையென்றால் படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு பிட்டைப் பயன்படுத்துங்கள். 8, 10 என்று போகும்போது எனக்குக் கூம்பு பிட்தான் பிடிக்கும்.

6 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்து, கையின் எடையை மட்டும் கொடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துத் துருவலைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். அடிப்பலகையைத் தொடும் நேரம் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். இதை முதலில் வெட்டி மிஞ்சிய துண்டில் இரண்டு முறை செய்து பாருங்கள். அதிலும் சில்லு பெயர்ந்தால் நல்ல துண்டைத் தொட வேண்டாம்.

துளை எங்கே இருக்கிறது? துளையின் ஓரத்துக்கும் ஷீட்டின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது தடிமனைப்போல் இரண்டு மடங்கு இடம் விடுங்கள். நம் பெட்டியில் துளை 6 மி.மீ., அதன் மையம் கீழ் விளிம்பிலிருந்து 15 மி.மீ. ஆக, ஓரத்துக்கும் ஓரத்துக்கும் 12 மி.மீ. இருக்கிறது, 10 இருந்தாலே போதும். மையத்தை 8-இல் வைத்திருந்தால், துளை போடும்போது தப்பித்தாலும் திருகு முறுக்கும்போது உடையும். இதற்குப் பழுது பார்க்க வழியில்லை. துண்டை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி: துளையின் உட்சுவர் பனிபோல் வெள்ளையாக, கரடாக இருக்கிறது

துருவலைப் பாருங்கள். நல்ல துளையில் பிட்டின் இரண்டு பள்ளத்திலிருந்தும் சுருள் சுருளாக நாடா வரும். பொடியாகக் கொட்டினால் பிட் மழுங்கியிருக்கிறது. பசைபோல் பிட்டில் சுற்றிக்கொண்டால் சூடு அதிகம், அப்போது வேகத்தைக் குறைத்து, துளையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, அடிக்கடி பிட்டை வெளியே எடுங்கள். மின்கம்பி டிரில் என்றால் தண்ணீரை ஸ்ப்ரேயாக அடிக்காமல் சொட்டாக மட்டும் விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பசையாகவே வருகிறதா? நீங்கள் வாங்கியது காஸ்ட் ஷீட் அல்ல, உருக்கிப் பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூடட் ஷீட்டாக இருக்கும். விலை குறைவு, தடிமன் மிகச் சீராக இருக்கும், ஆனால் சூட்டில் சீக்கிரம் இளகும், உள்ளே இழுவிசையும் அதிகம் தங்கியிருக்கும். வாங்கும்போதே காஸ்ட் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். மேலே தாள் ஒட்டியிருந்தால் காஸ்ட், பிளாஸ்டிக் படலம் இருந்தால் எக்ஸ்ட்ரூடட் என்று சொல்வார்கள். அதை நம்ப முடியாது, இரண்டிலும் இரண்டும் வருகிறது.

## அறிகுறி: துளை நன்றாக இருந்தது, சில வாரம் கழித்து அதிலிருந்து விரிசல் ஓடுகிறது

"அண்ணா, கொண்டு போகும்போது நல்லாத்தான் இருந்தது" என்று தொலைபேசியில் வரும் கோளாறு இது. பெட்டி பெரும்பாலும் லெனேசியாவிலோ ஜோகன்னஸ்பர்க்கின் வேறு எங்கோ இருக்கும். டர்பனில் ஜனவரி மாதத்தில் 30 பாகையில் திருகியதை அங்கே ஜூலை இரவில் 5 பாகையில் வைத்தால், ஷீட் சுருங்குகிறது, மரம் அந்த அளவு சுருங்குவதில்லை. 400 மி.மீ. அக்ரிலிக் 25 பாகை மாற்றத்தில் ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளம் மாறும். திருகு துளையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த 0.7-க்குப் போக இடமில்லை, விரிசலாகத்தான் வெளியே வரும்.

முதலில் திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். ஷீட் விரலால் தள்ளினால் இம்மி நகர வேண்டும். நகர்ந்தும் திருகு சுவரைத் தொடுகிறது என்றால் துளை சிறிது. 4 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளை என்பது இதற்காகத்தான். எல்லாப் பக்கமும் 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும்.

அடுத்து திருகின் தலை. கூம்புத் தலைத் திருகு, ஆப்பு அடிப்பதுபோல் துளையை வெளிப்பக்கமாக விரிக்கும். தட்டை அடித்தலை உள்ள திருகை எடுத்து, கீழே நைலான் வாஷர் போடுங்கள். பி.வி.சி. வாஷரும் வேண்டாம், அதிலிருக்கும் மென்மையூட்டி நாளடைவில் அக்ரிலிக்குள் இறங்கி மயிரிழை விரிசலை உண்டாக்கும். திருகு கழலாமலிருக்க வார்க்ஷாப்பில் போடும் பூட்டுத் திரவமும் அதே வேலையைத்தான் செய்யும்.

மூன்றாவது, துடைத்தது எதனால்? நம் ஊர் வீடுகளில் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் பாட்டில் இல்லாத சமையலறை கிடையாது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவமும் அதே அலமாரியில் இருக்கும். இரண்டும் இறுகிக் கிடக்கும் அக்ரிலிக்கில் பட்டால், துளையைச் சுற்றி வெள்ளிக் கம்பிகள்போல் சின்னச் சின்ன விரிசல் சில நிமிடத்திலேயே தெரியலாம். பெட்டியைக் கொடுக்கும்போதே ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்: பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீர், மென்மையான துணி, வேறு எதுவும் வேண்டாம்.

ஓடத் தொடங்கிய விரிசலின் முனையில் 2 மி.மீ. துளை போட்டால் அங்கேயே நின்றுவிடும். பீடத்துக்குள் மறையும் இடமாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம். முகப்பில் தெரியும் இடம் என்றால் துண்டை மாற்ற வேண்டும்.

## அறிகுறி: ஒட்டிய உடனே விளிம்பெங்கும் மயிரிழை விரிசல்

விளிம்பு எப்படி வெட்டப்பட்டது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "லேசர்" என்பார்கள். இல்லையென்றால் பளபளப்புக்காக டார்ச் நெருப்பு காட்டியிருப்பார்கள். இரண்டிலும் விளிம்பு மட்டும் உருகி, உடனே குளிர்ந்து, இறுகிப் போயிருக்கும். கண்ணாடிபோல் மின்னும். ஒட்டுவதற்கு விடும் கரைப்பான் அதன் மேல் பட்டதும் அந்த இறுக்கம் வெடித்துத் திறக்கிறது.

சோதனைக்குச் செலவு இல்லை. அதே ஷீட்டில் லேசரால் வெட்டி மிஞ்சிய துண்டை எடுத்து, விளிம்பில் அந்த ஊதா ஸ்பிரிட்டைத் தடவி பத்து நிமிடம் பாருங்கள். விரிசல் வந்தால் நல்ல துண்டுகளிலும் வரும்.

வந்தால் செய்யக் கூடியது இரண்டு. எளிதானது, அந்த விளிம்பையே ஒழிப்பது: மேசை ரம்பத்தில் 1 மி.மீ. சீவிவிடுங்கள், முதலிலேயே அளவில் அந்த 1-ஐச் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்க வேண்டும். மற்றது, பதப்படுத்துவது. காஸ்ட் ஷீட்டின் தாளை உரித்துவிட்டு, தட்டையான தட்டில் படுக்க வைத்து, அடுப்பை 80 பாகையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வையுங்கள். பிறகு அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் தானாகக் குளிர விடுங்கள். வீட்டு அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 100-ஐத் தாண்டினால் ஷீட் அப்பளம்போல் வளைந்துவிடும். 400 மி.மீ. துண்டு வீட்டு அடுப்பில் நுழையாவிட்டால், பிளாஸ்டிக் வேலை செய்யும் கடைகளில் வளைப்பதற்கென்று வைத்திருக்கும் பெரிய அடுப்பு உண்டு. அங்கே கொடுத்துவிடுவதுதான் புத்தி.

## அறிகுறி: இணைப்பு வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது

டர்பனின் சொந்தக் கோளாறு இது. கரைப்பான், பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன், 40 பாகையிலேயே கொதிக்கக்கூடியது. ஆவியாகும்போது அந்த இடத்தைச் சட்டென்று குளிர்விக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிரில் நீர் படிந்து, கரைந்த அக்ரிலிக்கோடு கலந்து வெள்ளையாகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில், வேலை மிக அதிகமாக இருக்கும் அதே நாட்களில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிப் போகும்.

முதலில் வெண்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விரலை நனைத்து அதன் மேல் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்தால் அது வெளிப்பரப்பில் மட்டும். இரண்டு நாள் காய விட்டு, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நனைத்தும் மறையாவிட்டால் அது இணைப்புக்குள்ளே இருக்கிறது. பாலிஷ் எதுவும் அதைத் தொடாது.

ஈரமானி என்ன சொல்கிறது? சுவரில் மாட்டும் சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வேலை மேசைக்கு மேல் மாட்டுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் ஒட்டுங்கள். 70-க்கு மேல் இருந்தால் வேறு வேலை பாருங்கள். உள்நாட்டிலிருந்து சூடான மலைக்காற்று இறங்கும் நாட்களில் ஈரம் சட்டென்று குறையும். ஆனால் அது கோடையில் அடிக்கடி வராது, குளிர்காலத்தில்தான் அதிகம். தைப்பூசத்துக்கு அவசரப்படுகிறவர்களுக்கு இது ஆறுதல் தராது என்பது தெரியும்.

ஏ.சி. அறையில் ஒட்டலாமே என்பார்கள். அறை காய்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது, இந்த ஆவியும் அங்கேயே சுற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடாக மாறும், புற்றுநோய்ச் சந்தேகமும் இருக்கிறது. மூக்கில் கட்டும் துணி முகமூடி இதைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த முகமூடியிலும் வெகு சீக்கிரம் நிறைந்துவிடும். மெல்லிய நீல நைட்ரைல் கையுறையையும் நிமிடங்களில் ஊடுருவும், துளி பட்டால் உடனே கழற்றி வீச வேண்டும். பக்கத்தில் எரியும் அடுப்போ சிகரெட்டோ இருக்கவே கூடாது, அந்தச் சூட்டில் நச்சு வாயு உண்டாகும்.

ஆகவே நான் சொல்வது: துண்டுகளை இரவு முழுக்க ஏ.சி. அறையில் வைத்துக் காய விடுங்கள். காலை பத்துக்கு மேல், ஈரமானி இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் திறந்த கொட்டகையில், விசிறி ஆவியை உங்களிடமிருந்து வெளியே தள்ளும்படி வைத்து ஒட்டுங்கள். விசிறிக் காற்று நேராக இணைப்பில் அடிக்கக் கூடாது, அது ஆவியாவதை வேகப்படுத்தி வெண்மையைக் கூட்டும்.

அப்படியும் வந்தால் கரைப்பானை மாற்றுங்கள். பிளாஸ்டிக் கடைகளில் மெதுவாகக் காயும் வகை தனியாக விற்கிறார்கள். பிடிக்க நேரம் அதிகமாகும், ஆனால் அவ்வளவு குளிராது. ஈரமான ஊருக்கு அதுதான் பொருத்தம், விலை கொஞ்சம் கூட.

உள்ளே வெளுத்துப்போன இணைப்பை ரம்பத்தால் வெட்டி எடுத்து மறுபடி ஒட்டுவதுதான் வழி. பெட்டி அந்தப் பக்கம் 8, 10 மி.மீ. குறையும். பீடம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றால் புதுத் துண்டு வெட்டுவதே மலிவு.

## அறிகுறி: இணைப்பில் குமிழி, இடையிடையே ஒட்டாத வெள்ளித் திட்டு

ஒட்டும் முன் இரண்டு துண்டையும் கரைப்பான் இல்லாமல் சேர்த்து வைத்து, பின்னால் விளக்கைக் காட்டுங்கள். வெளிச்சம் கோடாகக் கசியும் இடத்தில்தான் குமிழி வரும். விளிம்பைப் பளபளப்பாக்கித் தேய்ப்பதுதான் பெரும்பாலும் காரணம், ஏனென்றால் கையால் தேய்க்கும்போது ஓரங்கள் உருண்டுவிடும். ஒட்டும் விளிம்பு பளபளக்க வேண்டியதில்லை, தட்டையாக இருக்க வேண்டும். கத்தியின் முதுகை நிமிர்த்திப் பிடித்து ரம்பக் கோடுகளைச் சுரண்டி எடுங்கள். அல்லது 240 எண் தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஷீட்டைச் செங்குத்தாக நிறுத்தித் தேயுங்கள்.

விளிம்பு சரி என்றால் கை முறையைப் பாருங்கள். கரைப்பான் தானாக ஓடிப் புகும் இணைப்பு தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். நம் பெட்டியில் முன் துண்டை மேசையில் படுக்க வைத்து, பக்கத் துண்டை அதன் மேல் நிறுத்தி ஒட்டுவோம். அடுத்த மூலைக்கு வரும்போது பெட்டியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தி வைத்த மூலையில் மேலிருந்து ஊற்றினால் பாதி வழியில் வடிந்துவிடும்.

பாதுகாப்புத் தாளை விளிம்பிலிருந்து 15 மி.மீ. அளவுக்கு உரித்து மடித்துவிடுங்கள். தாளோ டேப்போ இணைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் கரைப்பான் அதற்கடியில் ஊர்ந்து, முகப்பில் கறை போடும். நேராக நிறுத்த வைக்கும் மூலைமட்டத்துக்கும் இதே கதி. அதன் உள்மூலையை வெட்டிவிட்ட கட்டைதான் நல்லது.

நிறுத்திய துண்டின் அடியில், இரண்டு முனையிலும் நடுவிலும் 0.2 மி.மீ. கம்பியைச் செருகுங்கள். ஊசி பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, பிடியைத் தளர்த்திக்கொண்டே கவிழ்த்தால் உங்கள் கைச்சூட்டில் அது பீறிட்டுக் கொட்டாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஊசியை இழுங்கள். இடுக்கு முழுவதும் நனைந்து இருண்டு தெரியும். அரை நிமிடம் பொறுங்கள், விளிம்பு இளகும். கம்பிகளை உருவிவிட்டு, மேலே 200, 300 கிராம் எடை மட்டும் வையுங்கள். பாரமாக வைத்தால் இளகியதெல்லாம் வெளியே பிதுங்கி, உள்ளே வறண்டு போகும்.

குமிழி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? முதல் ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்த இடத்தில் இன்னொரு சொட்டு விட்டால் சில சமயம் மூடிக்கொள்ளும். காய்ந்த பிறகு தொடாதீர்கள். இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் கரைப்பானால் நிரப்ப முடியாது. அதற்கு இரண்டு பாகம் கலக்கும் அக்ரிலிக் பசை வேண்டும். கலந்த இருபது நிமிடத்துக்குள் ஊற்றி முடித்தாக வேண்டும், விலையும் நாலு மடங்கு. சின்னப் பெட்டிக்கு விளிம்பை மறுபடி சீவுவதே நல்லது.

## அறிகுறி: இணைப்பு கையோடு வந்துவிடுகிறது

எப்போது தூக்கினீர்கள்? அரை மணியில் கையால் நகர்த்தலாம், ஆனால் முழுப் பலம் வர ஒரு நாளாவது வேண்டும். நான்கு மூலையும் ஒரு நாள் காய்ந்த பிறகே கூரையை வைக்கிறேன்.

நேரம் கொடுத்தும் வந்தால் பிரிந்த முகங்களைப் பாருங்கள். பளிங்குபோல் மழமழவென்று இருந்தால் கரைப்பான் அங்கே போகவே இல்லை, அல்லது கை எண்ணெய் இருந்திருக்கிறது. கரடாகப் பிய்ந்திருந்தால் பிடித்திருந்தது, ஆனால் காயும் முன் அசைந்திருக்கிறது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சூப்பர் குளூ போட்டிருக்கிறார்கள். அது அக்ரிலிக்கைப் பிடிக்கும், ஆனால் ஓரமெங்கும் வெளுத்து, நாளாக நாளாக விரிசலும் விடும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே கரைப்பான் விட்டால் ஒட்டாது. கொண்டு வந்து கொடுத்தவர் "வேறு என்ன போட்டீர்கள்" என்ற கேள்விக்குத் தயங்கினால் நான் நேரே ரம்பத்துக்குப் போய்விடுவேன்.

எதுவுமே இல்லாமல், கரைப்பான் பட்டும் ஷீட் இளகவே இல்லையா? அது அக்ரிலிக்தானா என்று சந்தேகப்படுங்கள். பி.இ.டி. ஷீட்டும் பார்வைக்கு இதேதான். மிஞ்சிய துண்டின் ஓரத்தைக் குறடால் வளைத்துப் பாருங்கள்: அக்ரிலிக் டப்பென்று உடையும், பி.இ.டி. மடிந்து வெளுக்கும். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டு போங்கள்.

## எப்போது கடையில் கொடுப்பது

12 மி.மீ.-ஐத் தாண்டும் துளை, ஓரத்துக்கு மிக அருகே வரும் துளை, 8 மி.மீ.-க்கு மேல் தடித்த ஷீட் இவற்றை எந்திரத்தில் வெட்டித் தருபவரிடம் விடுங்கள். ஐந்து துண்டையும் துளைகளையும் ஒரே தடவையில், ஒரே ஷீட்டிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். லேசர் என்றால் பதப்படுத்தித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் கேட்டால்தான் செய்வார்கள். வெட்டுவதை அங்கே கொடுத்துவிட்டு ஒட்டுவதை மட்டும் நீங்கள் செய்வதில் தவறில்லை, செலவும் பெரிதாக ஏறாது.

தண்ணீர் நிற்கும் தொட்டி, தலைக்கு மேல் தொங்கும் பெட்டி, விளக்கேற்றி உள்ளே வைக்கும் பெட்டி என்றால் வேறு பேச்சு. முதல் இரண்டையும் அந்த வேலையே செய்பவர்களிடம் கொடுங்கள். மூன்றாவதை யாரும் செய்து தர மாட்டார்கள், செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அக்ரிலிக் எரியும். வேலுக்கு முன்னால் விளக்கு வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே, கை நீளத் தூரத்தில் வையுங்கள், உள்ளே சின்ன எல்.இ.டி. போதும்.